எண்ணெய் நிலைய பம்பில் கார்டைச் செருகும் முன்: ஸ்கிம்மரும் மறைத்து வைத்த கேமராவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்ம கார்டுல சிப் இருக்கு, பின் எண்ணும் இருக்கு. இன்னும் எதுக்கு ஸ்கிம்மர் பயம்?

ஸ்கிம்மர் என்பது கார்டு மெஷினில் கள்ளத்தனமாக வைத்து, கார்டின் தகவலைப் படித்துக்கொள்ளும் கருவி. கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மேலே ஒரு கறுப்புப் பட்டை நீளமாக ஓடுகிறதா? திருடனுக்கு வேண்டியது அதுதான். மலேசியாவில் கிரெடிட் கார்டுகள் 2005-லேயே சிப்புக்கு மாறிவிட்டன. 2017 ஜூலை முதல் கையெழுத்தும் போய் 6 இலக்க பின் எண் வந்தது. ஆனால் காந்தப் பட்டையை யாரும் எடுக்கவில்லை. சிப் படிக்கத் தெரியாத வெளிநாட்டு மெஷின்களுக்காக அது இன்னும் பெரும்பாலான கார்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய கார்டுகளில் 2029 முதல் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது. அதுவரை அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

சிப் ஒவ்வொரு முறையும் அந்தப் பரிவர்த்தனைக்கென்றே புதிதாக ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கும். அதைத் திருடி மறுபடி பயன்படுத்த முடியாது. பட்டை அப்படியில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பெயர், வங்கி சரிபார்க்கும் ஓர் எண் எல்லாம் அதில் மாறாமல் எழுதியே இருக்கும். ஒருமுறை படித்துவிட்டால் இன்னொரு வெற்றுக் கார்டில் அப்படியே எழுதிவிடலாம். ஸ்கிம்மர் செய்வது இவ்வளவுதான்.

நகல் எடுத்த கார்டு நம் ஊர்க் கடையில் செல்லாது. ‘இது சிப் உள்ள கார்டு’ என்று பட்டையிலேயே ஒரு குறியீடு இருக்கிறது. நம் மெஷின் அதைப் படித்ததும் சிப்பைச் செருகச் சொல்லும். அதனால் திருடியவர்கள் பட்டையை இன்னும் ஏற்கும் வெளிநாட்டு மெஷின்களைத் தேடிப் போவார்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்க பின் எண்ணும் தேவை. கேமரா உள்ளே வருவது இங்கேதான். பட்டையும் பின் எண்ணும் சேர்ந்து கிடைத்தால்தான் அவர்களுக்கு முழு லாபம். இரண்டில் ஒன்றைக் கொடுக்காமல் விட்டாலே கதை பாதியில் நின்றுவிடும்.

பம்ப்ல இருக்கிற மெஷினும் கடை கவுன்டர்ல இருக்கிற மெஷினும் ஒண்ணுதானே?

இல்லை. பட்டையைப் படிக்க வேண்டுமானால் அதன் முழு நீளமும் ஒரு காந்தத் தலையைக் கடந்து போக வேண்டும். கவுன்டரில் இருக்கும் சிறிய மெஷினின் கீழ்ப்பக்கத்தில் சிப்பைச் செருகும்போது கார்டின் ஒரு பகுதிதான் உள்ளே போகும், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கார்டு நுழையும் அந்த வாயில் ஸ்கிம்மர் வைத்தாலும் பட்டை முழுதாகக் கிடைக்காது. அங்கே திருட வேண்டுமானால் கார்டை நீங்களே பக்கவாட்டில் இழுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு உங்கள் கையை விட்டுப் போக வேண்டும்.

பம்பில் பதித்திருக்கும் மெஷின் பலவற்றில் கார்டு கிட்டத்தட்ட முழுதாக உள்ளே போகும். ஏடிஎம்மும் அப்படித்தான். வாய்க்கு மேலே ஒரு போலி வாயை ஒட்டிவிட்டால் கார்டு போகும்போதும் வரும்போதும் பட்டை முழுவதும் படிக்கப்படும். பணமும் சிப் வழியாக ஒழுங்காகக் கட்டப்பட்டுவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பம்ப் இரவு முழுவதும் வெளியே, ஆள் பார்வை இல்லாமல் நிற்கிறது என்பது அதற்கு மேல். அதனால் நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைப் பம்பிலும் ஏடிஎம்மிலும் செலவிடுங்கள். கவுன்டரில் வேறு பழக்கம் போதும், கீழே சொல்கிறேன்.

பம்ப்ல கார்டு போடறதுக்கு முன்னாடி சரியா என்ன பார்க்கணும்?

ஓர் உதாரணத்தோடு போவோம். சனிக்கிழமை இரவு, செந்தூல் பக்கம் ஓர் எண்ணெய் நிலையம். சாலையோரம் உள்ள கடைசி பம்பில் காடியை நிறுத்துகிறீர்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அந்த பம்பின் முன்பக்கம் தெரியாது. எதையாவது ஒட்ட நினைப்பவனுக்கும் பிடித்த இடம் அதுதான். வேறு பம்ப் காலியாக இருந்தால் கவுன்டருக்கு எதிரே உள்ளதற்கே போய்விடுங்கள். இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பக்கத்து பம்பைப் பாருங்கள். பலர் தங்கள் பம்பின் மெஷினை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு ‘ஏதோ புடைப்பா இருக்கே’ என்று பயப்படுகிறார்கள். புடைத்த, ஒளி ஊடுருவும், விளக்கு மின்னும் வாய் ஸ்கிம்மரை ஒட்ட விடாமல் தடுப்பதற்காக நிறுவனமே வைத்ததாகவும் இருக்கலாம். அதனால் புடைப்பை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே நிலையத்தில் பம்புகள் பொதுவாக ஒரே மாதிரி இருக்கும். பக்கத்து பம்பில் வாய் சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்க, உங்கள் பம்பில் கறுப்பாக விரல் தடிமன் முன்னால் வந்திருந்தால் அது கேள்விக்குரியது. விளக்கு இருக்க வேண்டிய இடம் மூடியிருக்கிறதா, கார்டைச் செருகும் திசை காட்டும் அம்புக்குறியின் நுனி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே ஒட்டிய துண்டு கீழே இருக்கும் அச்சை மறைத்துவிடும். போலி வாயைச் செய்தவர்கள் நிறத்தை ஒப்பேற்றிவிடுவார்கள், இந்த மாதிரி விவரங்களில்தான் கோட்டை விடுவார்கள்.

அடுத்தது கை. வாயின் இரு ஓரங்களையும் இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுங்கள், பிறகு பக்கவாட்டில் அசையுங்கள். பூட்டிய கதவு பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கும் அளவு பலம் போதும். உண்மையான வாய் உள்ளிருந்து திருகப்பட்டது, அசையாது. ஸ்கிம்மரைத் திருடன் திரும்பி வந்து வேகமாகக் கழற்ற வேண்டும். அதனால் இரட்டைப் பக்க ஒட்டுநாடா போன்ற ஒன்றால்தான் ஒட்டியிருப்பான். அசைந்தால், ஓரத்தில் பசை தெரிந்தால், அங்கே கார்டு வேண்டாம்.

பிறகு பொத்தான்கள். ஒன்றிரண்டு எண்களை அழுத்திப் பாருங்கள், எதுவும் ஆகிவிடாது. மேலே போலி கீபேடு வைத்திருந்தால் பொத்தான் வழக்கத்தை விட உயரமாகவோ, மெத்து மெத்தென்றோ இருக்கும். சில சமயம் இரண்டு முறை அழுத்தினால்தான் ஒரு முறை பதிவாகும். கீபேடின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தகடு தூக்குவது தெரியலாம்.

கடைசியாக, கார்டைச் செருகும்போது எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று கவனியுங்கள். வழக்கமாகப் போகும் நிலையமாக இருந்தால் இது உங்களுக்கே பழகிவிடும். உள்ளே ஏதோ உரசுவது போல இருந்தால், இதுவரை இல்லாத இறுக்கம் இருந்தால், அழுத்தித் தள்ளாமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

செந்தூல் பம்புக்கு வருவோம். எல்லாம் பக்கத்து பம்பு மாதிரியே இருக்கிறது, எதுவும் அசையவில்லை. சரி, செருகலாம். ஆனால் பின் எண்ணை மறைத்துத்தான் அழுத்த வேண்டும், ஏனென்றால் கேமராவை இன்னும் நாம் தேடவில்லை.

கேமரா எங்க ஒளிச்சு வைப்பாங்க? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லா இடத்திலும் தேட வேண்டியதில்லை. கேமராவுக்குக் கீபேடு நேராகத் தெரிந்தாக வேண்டும். அதனால் தேடலைக் கீபேடிலிருந்து தொடங்குங்கள். பொத்தான்களின் இடத்தில் உங்கள் கண் இருப்பதாக நினைத்து மேலேயும் பக்கவாட்டிலும் என்னென்ன பரப்பு தெரிகிறது என்று பாருங்கள். திரைக்கு மேலே உள்ள விளிம்பு, அதன் அடிப்பக்கம், பக்கத்தில் ஒட்டிய விளம்பரத் தட்டு, துண்டுப்பிரசுரம் வைக்கும் பெட்டி என்று நாலைந்து இடம்தான் வரும். அங்கே ஊசி முனை அளவு துளையோ, பம்பின் உடம்போடு சேராத ஒரு பட்டைத் துண்டோ இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. பக்கத்து பம்பில் அந்தத் துண்டு இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சரியாகச் செய்த கேமராவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், இரவில் இன்னும் கஷ்டம். அதனால் நான் கண்ணை விடக் கையைத்தான் நம்புவேன். ஒரு கையால் அழுத்துங்கள், இன்னொரு கையைக் கூரை மாதிரி மேலே பிடியுங்கள். பர்ஸும் போதும். முதல் எண்ணிலிருந்து ஆறாவது எண் வரை கூரை விலகக் கூடாது. பெரும்பாலோர் நாலாவது எண்ணிலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். மீதி இரண்டு எண் தெரிந்தால் போதுமா என்று கேட்கலாம். முதல் நான்கையும் உங்கள் விரல் நகரும் விதத்தை வைத்து ஊகிக்க சில சமயம் ஒரு காணொளியே போதும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: கீபேடே போலியாக இருந்தால் கையால் மறைத்துப் பயனில்லை, அழுத்தும் எண் அப்படியே பதிவாகிவிடும். பொத்தான்களைத் தடவிப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

கடை கவுன்டர்ல, மாமாக்ல எல்லாம் நின்னு ஆட்டிப் பார்க்க முடியுமா?

முடியாது, தேவையுமில்லை. அங்கே இரண்டே விதி. கார்டு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. காந்தப் பட்டையை இழுக்கக் கூடாது.

கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்குக் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஸ்கிம்மரும் கைப்பேசிக் கேமராவும். கார்டு கல்லாவுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் பட்டையை இழுத்துவிடலாம், எண்ணையும் பின்பக்கத்து 3 இலக்கத்தையும் படம் எடுத்துவிடலாம். அந்த 3 இலக்கம் பட்டையில் இருக்காது, அதனால்தான் தனியாகப் படம் தேவைப்படுகிறது. இப்போது மெஷின்கள் பெரும்பாலும் கம்பியில்லாதவை. “மெஷினை இங்கே கொண்டு வாங்கண்ணே” என்றால் கொண்டு வந்துவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இழுக்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். “சிப் படிக்க மாட்டேங்குது, இழுத்துப் பாருங்க” என்று சொன்னால், அல்லது அப்படி ஒரு தாள் மெஷினில் ஒட்டியிருந்தால், பணமாகவோ கியூஆரிலோ கட்டிவிடுங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மெஷினின் முகத்துக்கு மேலே கச்சிதமாகப் பொருந்தும் போலி மூடிகள் வெளிநாடுகளில் பல முறை பிடிபட்டிருக்கின்றன. ஆள் அசந்த நேரத்தில் சில நொடிகளில் மாட்டிவிடலாம், கடைக்காரருக்கே தெரியாது. அப்படி மாட்டிய மெஷின் வழக்கத்தை விடத் தடிமனாக இருக்கும், பொத்தான் பள்ளத்தில் இருப்பது போலத் தெரியும்.

கவுன்டருக்கு மேலே கூரையில் இருக்கும் கடையின் சொந்த சிசிடிவியையும் மறக்க வேண்டாம். அது திருட வைத்ததல்ல, ஆனாலும் கீபேடு அதற்குத் தெரியும். இங்கேயும் கையை வைத்து மறையுங்கள்.

ஸ்கிம்மரை பம்புக்கு உள்ளேயே வச்சிருந்தா?

வெளியிலிருந்து தெரியாது. ஆட்டிப் பார்ப்பதால் பிடிபடுவது வெளியே ஒட்டியவை மட்டும்தான். பம்பின் கதவைத் திறந்து உள்ளே கம்பியோடு இணைத்த ஸ்கிம்மர்கள் அமெரிக்காவில் ஏராளமாகப் பிடிபட்டன. பலவற்றில் HC-05 போன்ற மலிவான புளூடூத் சில்லு இருந்ததால், கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று ஓர் ஆலோசனை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். பெயரை மாற்றுவது எளிது. புளூடூத்தே இல்லாத ஸ்கிம்மரும் உண்டு. அந்தப் பெயர் தெரிந்தாலும் அது பக்கத்துக் கடையின் ஏதோ ஒரு கருவியாக இருக்கலாம்.

பம்பில் ஒட்டியிருக்கும் சரிபார்ப்பு ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதி அடைபவர்களும் உண்டு. அது எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது என்பதற்கானது. கார்டு மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதவின் விளிம்பில் குறுக்காக ஒட்டிய பாதுகாப்பு முத்திரை கிழிந்திருந்தால் அது வேறு விஷயம், அந்த பம்பை விட்டுவிடுங்கள்.

உள்ளே வைத்ததற்கு ஒரே பதில், பட்டையை அங்கே கொண்டு போகாமல் இருப்பதுதான்.

அப்போ தட்டிக் கட்டுறதுதான் நல்லதா?

ஆமாம். தட்டும்போது பேசுவது சிப், பட்டை எங்கும் போவதில்லை. 250 ரிங்கிட் வரை பின் எண்ணும் பொதுவாகக் கேட்காது, ஆகவே கேமராவுக்கும் வேலையில்லை. அதற்கு மேல் போனால் கேட்கும், சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி தட்டினாலும் வங்கி இடையில் ஒருமுறை கேட்கலாம். அப்போது கூரை மாதிரிக் கை.

எண்ணெய் நிலையத்தில் இன்னொரு வழி நிறுவனத்தின் செயலி. பெட்ரோனாஸின் செத்தெல் போன்றவற்றில் காடிக்குள் உட்கார்ந்தே பம்ப் எண்ணைத் தேர்ந்து கட்டிவிடலாம், கார்டு பையை விட்டு வெளியே வராது.

BUDI95 எண்ணெய் மானியத்துக்கு மைகார்டு செருகுறோமே, அதையும் திருடுவாங்களா?

மைகார்டில் வங்கிக் கார்டு மாதிரி காந்தப் பட்டை இல்லை, அதனால் இந்த வகை ஸ்கிம்மருக்கு அங்கே வேலையில்லை. ஆனால் மைகார்டைப் போட்ட அதே வேகத்தில் வங்கிக் கார்டையும் யோசிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் வந்திருக்கிறது. மைகார்டைச் செருகும் முன்பே வாயை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து வேலை முடிந்தது.

60 வெள்ளிக்கு எண்ணெய் ஊத்தினேன், 200 வெள்ளி போயிருக்கு. என் கார்டை ஸ்கிம் பண்ணிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. பம்பில் கார்டு போட்டால், நீங்கள் எவ்வளவு ஊற்றப் போகிறீர்கள் என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் முன்கூட்டியே 200 ரிங்கிட்டைப் பிடித்து வைக்கும். ஊற்றி முடித்ததும் 60 கணக்கில் ஏறும், மீதி 140 விடுவிக்கப்படும். விடுவிக்க ஆகும் காலம் வங்கிக்கு வங்கி மாறும். அதுவரை டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும், சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் இது நிஜமான தொல்லை.

வித்தியாசம் காண்பது எளிது. பிடித்து வைத்த தொகை சரியாக 200 ஆக, நீங்கள் போன அதே நிலையத்தின் பெயரில், நிலுவை என்ற நிலையில் இருக்கும். திருட்டு என்றால் பெயர் அறிமுகமில்லாததாக இருக்கும். பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும். சில சமயம் கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் தொகை முதலில் போகும், பெரியது பின்னால் வரும். அந்தச் சின்னத் தொகையை அலட்சியம் செய்யாதீர்கள்.

பிடித்து வைப்பதே வேண்டாம் என்றால் கவுன்டருக்குப் போய் “மூணாம் நம்பர், அறுபது வெள்ளி” என்று சொல்லிக் கட்டுங்கள். ஸ்கிம்மர் தொல்லைக்கும் அது நல்லது.

ஏதோ கழண்டு வர்ற மாதிரி இருக்கு. பிடுங்கிடலாமா?

வேண்டாம். அதில் விரல்ரேகை இருக்கலாம். அதை வைத்தவன் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கலாம். கார்டைப் போடாமல் காடியில் ஏறி, கவுன்டர் பக்கம் போய் நிலைய ஊழியரிடம் பம்ப் எண்ணைச் சொல்லுங்கள். போலீசை 999-இல் அழைக்கலாம். ஊழியர் அலட்சியமாக இருந்தால் நீங்களே அழையுங்கள்.

கார்டைப் போட்டுட்டேன், அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. இப்ப என்ன?

பணம் போகும் வரை காத்திருக்க வேண்டாம். வங்கிச் செயலியில் கார்டை உடனே முடக்குங்கள், இல்லையென்றால் கார்டின் பின்னால் உள்ள 24 மணி நேர எண்ணை அழையுங்கள். பின் எண்ணை மாற்றினால் போதாது, பட்டை நகல் அப்படியேதான் இருக்கும். புதிய எண்ணோடு புதிய கார்டு கேளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைக்கும் வசதி செயலியில் இருந்தால், சந்தேகம் இல்லாத நாளிலேயே அணைத்து வையுங்கள். நகல் கார்டு செல்லக்கூடிய இடமே வெளிநாடுதான். சென்னைக்கோ ஹாட்யாய்க்கோ போகும்போது திறந்துகொள்ளலாம்.

பணமே போய்விட்டிருந்தால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், போலீஸ் புகாரின் நகலையும் இணையுங்கள். பின் எண் போட்டு நடந்த பரிவர்த்தனை என்பதாலேயே கிரெடிட் கார்டுக்காரர் பொறுப்பாகிவிட மாட்டார் என்பது பேங்க் நெகாரா விதி. நீங்களே மோசடி செய்திருந்தால், பின் எண்ணை யாரிடமாவது சொல்லியிருந்தால், கார்டோடு எழுதி வைத்திருந்தால், தகவல் சொல்லத் தாமதித்திருந்தால்தான் சுமை உங்கள் மேல் விழும். அதனால் வங்கியை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன குறிப்பு எண் கொடுத்தார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் முடிவு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் பேங்க் நெகாராவை 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவைக்கும் வழக்கைக் கொண்டு போகலாம். வாடிக்கையாளருக்கு அங்கே கட்டணம் இல்லை.